வகுப்பு நடக்கும்போது சிந்திப்பதும் முடிந்தபின் சிந்திப்பதும்: ஒரு தசம எண் பாடத்தைக் கொண்டு ஒரு விளக்கம்

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கிறேன், கணிதம் என் பாடம். 'ரிஃப்லெக்ஷன் இன் ஆக்ஷன்', 'ரிஃப்லெக்ஷன் ஆன் ஆக்ஷன்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறை எடுத்துக்காட்டோடு கட்டுரையாக எழுத வேண்டும். ஒன்று வகுப்பு நடக்கும்போது, மற்றது வகுப்பு முடிந்தபின் என்பதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விளக்க முடியுமா?

பதில்:

முன், பின் என்ற காலக்கணக்கில் தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அரைப்பக்கத்துக்கு மேல் எழுத முடியாது. ஏனெனில் காலம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் விளைவே தவிர, வேறுபாடு அன்று. முதலாவதில், சிந்தனை சரியா தவறா என்பதை அடுத்த நிமிடத்தில் மாணவர் சொல்லும் பதில் சோதித்துவிடுகிறது. பாடத்தின் போக்கை இன்னும் மாற்ற முடியும், ஆனால் கையில் இருப்பது அந்த நிமிடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது மட்டுமே. இரண்டாவதில், நடந்து முடிந்த பாடத்தை மாற்ற முடியாது; அதற்கு ஈடாக, வகுப்பில் வெவ்வேறு நேரங்களில் தனித்தனியாக வந்துபோனவற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம், ஆசிரியர் தாமே எடுத்த முடிவையும் ஆராயும் பொருள்களில் ஒன்றாக்கலாம். ஆகவே ஒன்றுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாது. உங்கள் கட்டுரை இதைக் காட்ட வேண்டும் என்றால், ஒரே பாடத்தில், ஒரே சிக்கலை இரண்டும் எவ்வாறு வெவ்வேறாகக் கண்டன என்று எழுத வேண்டும். ஒன்றுக்கு ஒரு பாடமும் மற்றதற்கு வேறொரு பாடமும் எடுத்துக்காட்டாகத் தந்தால் ஒப்பீடு நிற்காது.

கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்ட் ஷோன். 1983இல் வெளிவந்த 'தி ரிஃப்லெக்டிவ் பிராக்டிஷனர்' என்ற நூலில் கட்டடக் கலைஞர், உளமருத்துவர், பொறியாளர், நகரத் திட்டமிடுநர், மேலாளர் ஆகியோர் தம் பணியின் நடுவே எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். குழப்பமான ஒரு சூழலில்தான் உண்மையான சிந்தனை தொடங்குகிறது என்ற ஜான் டூயியின் கருத்து அவருக்கு அடித்தளம். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே டூயியைப் பற்றியதுதான். ஷோனின் விளக்கத்தில் உங்களுக்குத் தேவையானவை நான்கு படிகள். தேர்ந்தவர் பெரும்பாலும் யோசிக்காமலே சரியாகச் செய்துகொண்டு போகிறார். அந்த அறிவு செயலிலேயே பொதிந்திருக்கிறது; படிகள் அதற்குப் பின்தான் தொடங்குகின்றன. பிறகு எதிர்பாராத ஒன்று நேர்ந்து அவரைத் தடுக்கிறது. அப்போது அவர் சிக்கலை இதுவரை பார்த்துவந்த சட்டகத்தை விட்டு வேறொரு சட்டகத்தில் பார்க்கிறார். அந்தப் புதிய பார்வையை அங்கேயே ஒரு சிறு சோதனையாகச் செய்து பார்க்கிறார். சூழல் அவருக்குத் திருப்பிப் பதில் சொல்கிறது. இந்த நான்கும் செயல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தால் அது செயலினூடான சிந்தனை. செயலை விட்டு விலகி நின்று, நடந்ததை எடுத்துவைத்து ஆராய்ந்தால் அது செயலுக்குப் பிந்தைய சிந்தனை.

இனி வகுப்பறைக்கு வருவோம். கீழே நான் சொல்வது, அம்பாசமுத்திரம் வட்டாரப் பள்ளிகளில் பயிற்சி வகுப்புகளை மேற்பார்வையிட்டபோது மீண்டும் மீண்டும் கண்டவற்றைக் கொண்டு அமைத்த ஓர் எடுத்துக்காட்டு. அதிலுள்ள அணை அளவுகளும் நோட்டு எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் கட்டுரையில் உங்கள் சொந்தப் பாடத்தையே எழுதுங்கள்.

ஏழாம் வகுப்பு, தசம எண்களை ஒப்பிடுதல். மாணவ ஆசிரியை முதலில் 12.3, 12.7 என்ற இணையைக் கரும்பலகையில் எழுதி எது பெரியது என்று கேட்கிறார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 12.7 என்கிறது. அடுத்து, செய்தித்தாளில் நாள்தோறும் வரும் அணை நிலவரத்தைப் போல ஒரு கணக்கை எழுதுகிறார்: மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம் திங்களன்று 97.45 அடி, செவ்வாயன்று 97.8 அடி, நீர்மட்டம் ஏறியதா, இறங்கியதா? கார் பருவத்தில் அணை எத்தனை அடி என்று பெரியவர்கள் தேநீர்க் கடையில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆகவே கேள்வி அவர்களுக்கு அந்நியமானதன்று. வகுப்பில் பெரும்பாலோர் தயங்காமல், "தண்ணி எறங்கிட்டு டீச்சர்" என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியையின் முதல் எதிர்வினை, கவனக்குறைவு என்று கருதிக் கேள்வியை மெதுவாக மறுபடியும் வாசித்தது. இதைச் செயலினூடான சிந்தனை என்று எழுதிவிடக் கூடாது. பதில் தவறினால் கேள்வியைத் திரும்பக் கேட்பது எல்லா ஆசிரியருக்கும் கைவந்த பழக்கம். அதில் சிக்கலைப் பற்றிய பார்வை ஒரு நூலளவும் மாறவில்லை. மாணவர் கட்டுரைகளில் நான் மிகுதியாகக் காணும் தவறு இதுதான்: குரலை உயர்த்தியது, சத்தம்போட்டவனை முன்பெஞ்சுக்கு மாற்றியது, நேரம் போதாமல் ஒரு செயல்பாட்டை விட்டது என்று வகுப்பில் செய்த ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் செயலினூடான சிந்தனைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு மாற்றம் அந்தக் கணக்கில் சேருமா என்று அறிய ஒரு கேள்வி போதும்: அந்த நிமிடத்தில் சிக்கலுக்கு ஆசிரியர் வைத்திருந்த விளக்கம் மாறியதா? விளக்கம் மாறாமல் செயல் மட்டும் மாறியிருந்தால் அது பழகிய திறமையே. பழகிய திறமையில் குறையொன்றுமில்லை. பாடத்தின் பெரும்பகுதி அதைக் கொண்டுதான் நடக்கிறது.

மறுபடி கேட்டும் அதே பதில்தான் வருகிறது. அதுவும் வழக்கமாகச் சரியாகச் சொல்லும் பிள்ளைகளிடமிருந்து. ஆசிரியை இப்போது விடையை விட்டுவிட்டு, "எப்படிச் சொல்லுறீங்க?" என்று காரணம் கேட்கிறார். ஒரு பையன் எழுந்து, "எட்டை விட நாப்பத்தஞ்சு பெருசுல்லா டீச்சர்" என்கிறான். சூழல் திருப்பிப் பேசுகிறது என்று ஷோன் சொல்வது இப்படிப்பட்ட ஒரு பதிலைத்தான். அந்த ஒரு வாக்கியத்தில் ஆசிரியையின் சட்டகம் மாறுகிறது. இவர்கள் கவனமில்லாமல் சொல்லவில்லை. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை ஒரு தனி முழு எண்ணாகப் படித்து, அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். அவருக்கு இன்னொன்றும் அந்தக் கணத்திலேயே உறைக்கிறது: 12.3, 12.7 என்ற முதல் இணைக்கு இந்தத் தவறான விதியாலும் சரியான விடை வந்துவிடும். ஆகவே வகுப்பு ஒரே குரலில் சரியாகச் சொன்னது எதையும் நிறுவவில்லை.

அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதுதான் அந்த இடத்துச் சோதனை. பாடக்குறிப்பில் இல்லாத ஒன்றை எடுக்கிறார்: பணம். "97 ரூபாய் 45 காசு ஒருத்தரிடம் இருக்கிறது, இன்னொருத்தரிடம் 97 ரூபாய் 80 காசு. யாரிடம் அதிகம்?" பின்னவரிடம் என்று வகுப்பு சொல்கிறது. 97 ரூபாய் 80 காசை எப்படி எழுதுவோம் என்று கேட்டு, 97.80 என்று எழுதி, கடைசிச் சுழியை விட்டு எழுதினாலும் அதே தொகைதான் என்று காட்டி, மறுபடி அணைக் கணக்குக்கு வருகிறார். இப்போது, "ஏறியிருக்கு" என்கிறார்கள். உறுதி செய்துகொள்வதற்காக 5.6, 5.35 என்ற புதிய இணையைக் கொடுக்கிறார், 5.6 பெரியது என்ற விடை வருகிறது. பையன் பேசியதிலிருந்து இதுவரை கடந்தது மூன்று நான்கு நிமிடங்கள். பின்பெஞ்சில் அமர்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர், உற்றுநோக்கல் பதிவேட்டில் 'மாணவர் தவறை உடனே உணர்ந்து நன்கு கையாண்டார்' என்று எழுதுகிறார். அந்த மதிப்பீடு நியாயமானது. வியப்பு, சட்டக மாற்றம், சோதனை, அதற்கு வகுப்பின் பதில் என நான்கு படிகளும் இதில் இருக்கின்றன. செயலினூடான சிந்தனைக்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் நோட்டில் எழுதச் சொல்லி மூன்று இணைகள் கொடுத்திருந்தார், முதலாவது 4.7, 4.52, இரண்டாவது 6.3, 6.125, மூன்றாவது 3.2, 3.47. ஒவ்வொன்றிலும் பெரியதை வட்டமிட்டுக் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். மாலையில் 32 நோட்டுகளையும் எடுத்துவைத்துத் திருத்துகிறார். முதல் இணையை 28 பேர் சரியாக வட்டமிட்டிருக்கிறார்கள். இதோடு நிறுத்தியிருந்தால், பாடம் வெற்றி என்றும் பணத்தைக் கொண்டு விளக்கியது பலன் தந்தது என்றும் பதிவேட்டில் எழுதி முடித்திருப்பார். நம் கட்டுரைகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. ஆனால் அவர் நோட்டுகளை மதிப்பெண்ணின்படி அடுக்காமல், எந்த இணை தவறியது என்பதன்படி பிரிக்கிறார். அப்போது வகுப்பில் யாரும் கண்டிராத ஒன்று தெரிகிறது.

மூன்றும் சரியாக இருப்பவை 12 நோட்டுகள். முதல் இரண்டும் தவறி மூன்றாவது மட்டும் சரியாக இருப்பவை 4. இவர்கள் பழைய விதியிலேயே, அதாவது ஏழைவிட ஐம்பத்திரண்டு பெரியது என்ற கணக்கிலேயே நிற்கிறார்கள். மீதி 16 நோட்டுகள்தான் கவனத்துக்கு உரியவை. 9 பேர் முதலாவதையும் மூன்றாவதையும் சரியாகச் செய்து, இரண்டாவதில் 6.125 பெரியது என்று வட்டமிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஓரத்தில், '125 காசு = 1 ரூபாய் 25 காசு, அதனால் 7.25' என்று எழுதியிருக்கிறான். அந்தச் சிறுவனின் தருக்கத்தில் ஓட்டையே இல்லை. ஆசிரியை கொடுத்த ரூபாய், காசுப் பார்வையை அவன் முழுமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறான். அந்தப் பார்வையில் புள்ளி என்பது ரூபாயையும் காசையும் பிரிக்கும் தடுப்பு, அதற்கு இருபுறமும் இருப்பவை இரண்டு தனித்தனி முழு எண்கள். ஆகவே ஆசிரியை வகுப்பில் அகற்ற முயன்ற தவறான விதியையே பணம் வேறு உடையில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு தசம இடங்கள் வரை அது சரியான விடையைத் தரும். மூன்றாவது இடம் வந்ததும் உடைந்துவிடும்.

மீதமுள்ள 7 நோட்டுகள் இன்னும் வியப்பானவை. அவர்கள் முதல் இரண்டையும் சரியாகச் செய்துவிட்டு, மூன்றாவதில் 3.47ஐ விட 3.2 பெரியது என்கிறார்கள். ஒரு மாணவி காரணமாக எழுதியது: 'புள்ளிக்கு அப்புறம் கொஞ்சமா இருந்தா பெரிசு.' இதை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லையே என்று ஆசிரியை முதலில் திகைக்கிறார். பிறகு அன்று கரும்பலகையில் எழுதிய இணைகளைத் தன் குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கிறார்: 97.45, 97.8, 5.6, 5.35. இரண்டிலும் இலக்கம் குறைந்த எண்தான் பெரியது. நீளமான எண் பெரியது என்ற எண்ணம் தவறு என்று காட்ட வேண்டிய அவசரத்தில், அந்த எண்ணத்துக்கு மாறான இணைகளையே அவர் தேர்ந்தெடுத்தார். கூர்ந்து பார்த்த சில பிள்ளைகள் அவர் சொன்னதை விட்டுவிட்டு, அவர் காட்டியதிலிருந்து ஒரு புதிய விதியைத் தாமே வகுத்துக்கொண்டார்கள். 5.6, 5.35 என்ற இணையை அவர் சோதனை என்று நினைத்துக் கொடுத்தார். ஆனால் சரியாகப் புரிந்தவர், காசுக் கணக்கில் நிற்பவர், இலக்கம் குறைந்தால் பெரிது என்று நினைப்பவர் ஆகிய மூவரும் அதற்கு ஒரே விடையைத்தான் சொல்வார்கள். எதையும் பிரித்துக் காட்டாத ஒன்றைச் சோதனை என்று சொல்ல முடியாது.

இங்கே உங்கள் ஒப்பீட்டின் மையம் இருக்கிறது. வகுப்பில் நடந்த சிந்தனை, 'இந்தத் தவறை இப்போது எப்படி நீக்குவது?' என்ற கேள்விக்கு விடை தேடியது. அந்தக் கேள்வியளவில் அது வென்றது. மாலையில் நடந்த சிந்தனை அந்தக் கேள்வியைத் தொடரவில்லை. நான் ஏன் பணத்தை எடுத்தேன், ஏன் அந்த இணையைச் சோதனையாக்கினேன், வகுப்பு ஒரே குரலில் பதில் சொன்னதும் புரிந்துவிட்டது என்று ஏன் நம்பினேன் என்று அது ஆசிரியையின் செயலையே ஆராய்ந்தது. இந்தக் கேள்விகளை வகுப்பின் நடுவே கேட்டிருக்க முடியாது. நேரமின்மை மட்டும் இதற்குக் காரணம் அன்று. பணத்தைக் கொண்டு சிந்தித்துக்கொண்டிருக்கும்போது பணம்தான் அவர் பார்க்கும் கண்ணாடி. அணிந்திருக்கும் கண்ணாடியின் கீறலை அதைக் கழற்றாமல் பார்க்க இயலாது. மேலும், 16 நோட்டுகளைப் பிரித்து அடுக்கினால்தான் தெரியும் ஒழுங்கு எந்த ஒரு மாணவரின் பதிலிலும் தனியாக இருப்பதில்லை.

பிந்தைய சிந்தனைக்கு இன்னொரு வசதியும் உண்டு: பிறர் எழுதியதை அழைத்துவர முடியும். தசம எண்களை ஒப்பிடும்போது நீளமானது பெரியது என்றும் குறுகியது பெரியது என்றும் மாணவர் கொள்ளும் இருவகைத் தவறான விதிகளை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டெயின்லி ஆகியோர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தம் வகுப்பில் கண்டது பலரும் கண்ட ஒன்று என்று தெரிந்ததும், 'என் வகுப்புப் பிள்ளைகள் மந்தம்' என்ற விளக்கம் தானாகவே விலகிவிடுகிறது. கட்டுரையில் ஆய்வு நூல்களை மேற்கோள் காட்ட இதுவே பொருத்தமான இடம். கட்டுரையின் தொடக்கத்தில் வரையறைகளாக அடுக்குவதைவிட, நோட்டில் கண்டதை விளக்க அழைப்பது நன்று.

ஆராய்ச்சியின் விளைவு அடுத்த பாடத்தில் தெரிய வேண்டும். மறுநாள் பாடத்துக்காக அந்த ஆசிரியை இரண்டு முடிவுகள் எடுக்கிறார். பணத்துக்குப் பதிலாக, அணைகளில் நீர்மட்டம் காட்ட நட்டிருக்கும் அளவுகோலைக் கரும்பலகையில் நெடுக்காக வரைந்து, 97க்கும் 98க்கும் இடையிலுள்ள ஓர் அடியைப் பத்துச் சம பாகமாகவும், அதில் ஒரு பாகத்தை மறுபடி பத்தாகவும் பிரிக்கச் செய்வது, அப்போது 97.45 என்பது நான்காவது கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் நடுவில் விழுவதையும், 97.8 அதற்கு மேலே இருப்பதையும் பிள்ளைகள் தாமே குறிப்பார்கள். மூன்றாவது இடத்துக்கும் இதே முறையில் இன்னொரு தடவை பிரித்தால் போதும். இதில் ஒரு பொறி உண்டு: அடி என்றதும் சிலர் அங்குலத்தை நினைத்து, 97.8 என்பதை 97 அடி 8 அங்குலம் என்பார்கள். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது முடிவு, இணைகளைப் பற்றியது: நீளமானது பெரியதாக வரும் ஓர் இணை, குறுகியது பெரியதாக வரும் ஓர் இணை, 2.4, 2.40 போல இரண்டும் சமமான ஓர் இணை, 2.05, 2.5 போல நடுவில் சுழி வரும் ஓர் இணை என்று கலந்து கொடுப்பது. இவ்வாறு வரப்போகும் செயலுக்காகச் சிந்திப்பதை 1991இல் ஜோஎலன் கில்லியன், கை டோட்னெம் இருவரும் மூன்றாவது வகையாகப் பெயரிட்டார்கள். அதைத் தனி வகையாகக் கொள்வதா, பிந்தைய சிந்தனையின் கடைசிப் படியாகக் கொள்வதா என்பது உங்கள் விருப்பம். நான் பின்னதையே விரும்புவேன், ஏனெனில் நோட்டுகளைப் பிரித்ததும் மறுநாள் இணைகளைத் தேர்ந்ததும் ஒரே சிந்தனையின் தொடர்ச்சி.

மூன்றும் சரியாகச் செய்த 12 பேரையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். இலக்கங்கள் சமமாகும்வரை கடைசியில் சுழி சேர் என்ற சூத்திரத்தை டியூஷனில் கற்றவர்களும் அவர்களில் இருக்கலாம். அவர்கள் எழுதிய காரணத்தைப் படித்தால்தான் தெரியும்.

இனி, இதை எழுதும்போது வரும் ஒரு சிக்கல். செயலினூடான சிந்தனையைப் பற்றி நீங்கள் எழுதுவதெல்லாம் செயல் முடிந்தபிறகுதான் எழுதப்படுகிறது. ஆகவே பின்னால் தெரிந்தது முன்னால் தெரிந்ததாக நினைவில் கலந்துவிடும். 'காசு எடுத்துக்காட்டு மூன்று இலக்கத்துக்குப் பொருந்தாது என்று அறிந்தும் அவசரத்துக்குப் பயன்படுத்தினேன்' என்று ஒரு மாணவர் எழுதினால், அது உண்மையா, நோட்டைத் திருத்தியபின் உருவான நினைவா என்று மேற்பார்வையாளர் கட்டாயம் கேட்பார். இதற்கு நான் சொல்லும் முறை எளியது. வகுப்பு முடிந்து மணியடித்த உடனே, நோட்டுகளைத் தொடுவதற்கு முன், வியப்பூட்டியது என்ன, அப்போது என்ன நினைத்தேன், என்ன செய்தேன் என்று ஐந்தாறு வரிகள் எழுதித் தேதி, பாடவேளையோடு வைத்துவிடுங்கள். கரும்பலகையை அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இணைகளின் ஒழுங்கு அந்தப் படம் இல்லாமல் பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். கட்டுரையில் முதல் பகுதியை அந்த வரிகளிலிருந்து மட்டும் எழுதுங்கள். இரண்டாம் பகுதியில் மட்டும் நோட்டுகள், பதிவேடு, ஆய்வுகள் வரட்டும். இப்படி எழுதினால் வேறுபாட்டை நீங்கள் விளக்கவே தேவையில்லாத அளவுக்குக் கட்டுரையின் அமைப்பே அதைக் காட்டிவிடும்.

இரண்டாம் பகுதி உண்மையில் பிந்தைய சிந்தனையா, அல்லது பாடத்தின் சுருக்கமா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. அதில், மணியடித்தபோது உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 'மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றார்கள், அடுத்த முறை கூடுதல் துணைக்கருவி பயன்படுத்துவேன்' என்பதில் அப்படி எதுவுமில்லை. வகுப்புக்குப் போகாமலே இதை எழுதியிருக்கலாம். 'என் சோதனை இணை மூன்று வகை மாணவரையும் பிரிக்கவில்லை' என்பது நோட்டுகள் இல்லாமல் எழுத முடியாத வாக்கியம்.

ஷோனின் கருத்தை எதிர்த்தவர்களையும் ஒரு பத்தியில் சேர்த்தால் கட்டுரைக்குக் கனம் கூடும். 1995இல் மைக்கேல் எராட், கணத்துக்குக் கணம் பதிலளிக்க வேண்டிய நெரிசலான வகுப்பறையில் ஷோன் சொல்லும் பொருளில் சிந்தனைக்கு இடமிருக்கிறதா என்று ஐயம் எழுப்பினார். அதே ஆண்டில் மேக்ஸ் வான் மேனனும், பாடத்தின் நடுவே ஆசிரியரிடம் வெளிப்படுவது ஆராய்ந்து எடுக்கும் முடிவைவிட, சூழலறிந்து நடந்துகொள்ளும் ஒருவகை நுண்ணுணர்வே என்ற வகையில் எழுதினார். இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஷோன் நெருக்கமாக விவரித்த காட்சிகளில் ஒன்று, குவிஸ்ட் என்ற கட்டடக்கலை ஆசிரியர் பெட்ரா என்ற மாணவியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவரோடு பேசுவது. அங்கே எதிரில் ஒரே மாணவி, வரைந்த கோட்டை அழித்து மறுபடி வரையலாம், காகிதம் காத்திருக்கும். 32 பேர் காத்திருப்பதில்லை.

ஆனால் நம் எடுத்துக்காட்டைக் கொண்டே இதற்கு ஒரு பதிலும் சொல்லலாம். கேள்வியை மறுபடி வாசித்த இடத்தில் எராட் சொல்வது பொருந்துகிறது. அங்கே பழக்கம்தான் பேசியது. "எப்படிச் சொல்லுறீங்க?" என்று ஆசிரியை காரணம் கேட்ட இடத்தில், அவர் தமக்கு அரை நிமிடம் சம்பாதித்துக்கொண்டார், பையன் விளக்கும்போது அவரால் சிந்திக்க முடிந்தது. வகுப்பறையில் சிந்திக்க நேரம் தானாக வருவதில்லை, காரணம் கேட்பதும் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்வதும் அந்த நேரத்தை உண்டாக்குகின்றன என்று நீங்கள் வாதிடலாம்.

எல்லைக்கோட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எவ்வளவு நேரத்துக்குள் செய்தால் செயல்மீது இன்னும் தாக்கம் இருக்கும் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும், அது நிமிடங்களாகவும் இருக்கலாம், வாரங்களாகவும் இருக்கலாம் என்று ஷோன் ஏற்றுக்கொண்டார். ஒரு பாடவேளையைச் செயலாகக் கொண்டால் மாலையில் நோட்டுத் திருத்தியது பிந்தைய சிந்தனை. தசம எண் அலகு முழுவதையும் ஒரே செயலாகக் கொண்டால், அதே திருத்தம் செயலின் நடுவே நிகழ்ந்ததாகிவிடும். ஏனெனில் மறுநாளே பாடத்தை மாற்ற முடிகிறது. இரண்டில் எதையும் கொள்ளலாம். 'இக்கட்டுரையில் செயல் என்பது ஒரு பாடவேளையைக் குறிக்கும்' என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், வாய்மொழித் தேர்வில் இதைப் பற்றி வரும் கேள்விக்குப் பதில் கட்டுரையிலேயே இருக்கும்.